விரித்து ஸ்கேன் செய்த நோட்டை இரண்டு பக்கமாக வெட்டுவது: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரியில் ஜெராக்ஸ், ஸ்கேனிங் கடை வைத்திருக்கிறேன். பழைய நோட்டு, கோயில் மலர், தாத்தாவின் கணக்குப் புத்தகம் என்று கொண்டுவருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நெடுக ஒரே நோட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியாரின் பேரன் கொண்டுவந்த லாங் சைஸ் நோட்டு அது. 192 பக்கம், பாரதக் கூத்துப் பாட்டும் வசனமும் முழுக்கக் கையெழுத்து. பக்க எண்ணும் அவரே போட்டிருந்தார். நோட்டை விரித்து வைத்து, ஒரு படத்துக்கு இரண்டு பக்கமாக எடுத்தோம்.

ஒரே படத்துல ரெண்டு பக்கம் இருக்கு. சரியா நடுவுல வெட்டினா முடிஞ்சதுதானே?

படத்தின் நடுவும் நோட்டின் நடு மடிப்பும் ஒரே இடத்தில் இருந்தால் முடிந்தது. பெரும்பாலும் அப்படி இருக்காது.

இந்த நோட்டு விரித்தால் சுமார் 34 செ.மீ. அகலம். ஏ3 ஸ்கேனரின் கண்ணாடி 42 செ.மீ. மூலையில் ஒட்டி வைத்து ஸ்கேன் செய்தால் மடிப்பு 17 செ.மீ.யில் விழும், படத்தின் நடுவோ 21 செ.மீ.யில் இருக்கும். நடுவில் வெட்டினால் வலது பக்கத்தில் நான்கு செ.மீ. இடது பக்கத்தோடு போய்விடும். ஆகவே முதலில் நோட்டுக்கு வெளியே இருக்கும் வெள்ளை இடத்தை எல்லாப் படத்திலும் ஒரே அளவில் வெட்டி எறிய வேண்டும்.

அதற்கப்புறமும் மடிப்பு ஒரே இடத்தில் நிற்காது. நோட்டின் ஆரம்பத்தில் வலது பக்கம் கனமாக இருக்கும், முடிவில் இடது பக்கம் கனமாகிவிடும். பக்கம் புரட்டப் புரட்ட மடிப்பு மெல்ல நகரும். கை பட்டும் நகரும். இதற்காக ஒவ்வொரு படத்திலும் மடிப்பைத் தேடிக்கொண்டிருக்க நான் விரும்புவதில்லை. இரண்டு பாதியையும் கொஞ்சம் தாராளமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி வெட்டிவிடுவேன். இடது பாதிக்குப் படத்தின் இடமிருந்து 52 சதவீதம், வலது பாதிக்கு வலமிருந்து 52 சதவீதம். 34 செ.மீ.யில் இரண்டு சதவீதம் என்பது ஏறக்குறைய 7 மி.மீ. மடிப்பு அந்த அளவுக்குள் நகர்ந்தால் ஓர் எழுத்தும் போகாது. பக்கத்து ஓரம் கொஞ்சம் தெரியும். தெரியட்டும், அதைப் பிறகும் நறுக்கலாம். போன எழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மடிப்புக்குள்ளேயே புதைந்த எழுத்தை எந்த வெட்டும் மீட்காது. அது எடுக்கும்போதே பார்க்க வேண்டியது.

மொத்தம் எத்தனை படம் வரணும்? பேரு எப்படி வெக்கறது?

பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை. வரிசை குழம்புவது இங்கேதான்.

192 பக்க நோட்டில் 1ஆம் பக்கம் வலப்புறம் வரும். அதற்கு எதிரே இடப்புறம் இருப்பது முன் அட்டையின் உள்பக்கம். அடுத்த விரிப்பு 2-3, அதற்கடுத்தது 4-5. இப்படியே போய் 190-191. கடைசி விரிப்பில் இடப்புறம் 192, வலப்புறம் பின் அட்டையின் உள்பக்கம். கூட்டிப் பார்த்தால் முதல் விரிப்பு ஒன்று, நடுவில் 95, கடைசி ஒன்று, ஆக 97 விரிப்பு. முன் அட்டையும் பின் அட்டையும் தனித்தனிப் படம். எல்லாம் சேர்த்து 99 படம். 97 விரிப்பும் வெட்டினால் 194, அட்டை இரண்டு, மொத்தம் 196. நோட்டில் 192 பக்கமும் அட்டையின் நான்கு முகமும் சேர்ந்தால் அதே 196. இந்தக் கணக்கு ஒத்துப்போகாமல் வெட்டவே ஆரம்பிக்காதீர்கள்.

விரிப்புகளை 0 முதல் எண்ணினால் ஒரு வசதி இருக்கிறது. முதல் விரிப்பு s000, அடுத்தது s001, கடைசி s096. எந்த விரிப்பாக இருந்தாலும் அதன் எண்ணை இரண்டால் பெருக்கினால் இடது பக்க எண், அதோடு ஒன்று கூட்டினால் வலது பக்க எண். s050-இல் இருப்பது 100ஆம் பக்கமும் 101ஆம் பக்கமும். வெட்டிய பாதிகளுக்கு p100, p101 என்று பெயர் வைத்தால், கோப்பின் பெயரும் தாளில் வாத்தியார் எழுதிய எண்ணும் ஒன்றாகிவிடும். முன் அட்டையின் உள்பக்கம் p000, பின் அட்டையின் உள்பக்கம் p193. வெளி அட்டைகளுக்கு a.jpg, z.jpg என்று வைத்துவிடுவேன். அகர வரிசையில் தாமாகவே முதலிலும் கடைசியிலும் நின்றுகொள்ளும்.

உள் அட்டையில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோட்டின் உள் அட்டையில் ஊர்ப் பெயருக்குக் கீழே 'சேலம் ஜில்லா' என்று எழுதியிருந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல். நோட்டின் வயதுக்கு நமக்குக் கிடைத்த ஒரே சாட்சி அந்த p000.

வெட்டினதுக்கு அப்புறம் 3, 2, 5, 4-னு ஜோடி ஜோடியா மாறி வருதே அண்ணா?

வெட்டிய பிறகு படத்தைத் திருப்பியிருப்பீர்கள்.

ஸ்கேனர் கண்ணாடியில் நோட்டைக் கவிழ்த்து வைக்கும்போது தலைப்பக்கம் தப்பான திசையில் போய்விட்டால், படம் தலைகீழாக வரும். அந்தத் தலைகீழ்ப் படத்தில் இடது பாதியில் இருப்பது 3ஆம் பக்கம், வலது பாதியில் 2. கணினி பக்க எண்ணைப் படிப்பதில்லை, இடது பாதியை முதலில் வைக்கும், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு பாதியையும் திருப்பினால் எழுத்து நேராகிவிடும், வரிசை நேராகாது. நானே முதல் தடவை ஒரு முழுப் புத்தகத்தை இப்படி வெட்டி, பிரிண்டும் போட்டுக் கொடுத்து, மறுநாள் திரும்ப வாங்கினேன். முதலில் நேராக்கணும், அப்புறம்தான் வெட்டணும்.

போனில் எடுத்தவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. போனை நேர் கீழ்நோக்கிப் பிடிக்கும்போது எது மேல், எது கீழ் என்று அதற்கே குழப்பம் வந்துவிடும். படத்தோடு 'இதை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பைச் சேர்த்து வைக்கும். நூறு படத்தில் நாலைந்தில் அந்தக் குறிப்பு தப்பாக இருக்கும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் எல்லாப் படத்தையும் சின்னச் சின்னதாக ஒரே திரையில் விரித்துப் பாருங்கள். எல்லாம் அகலவாக்கில் படுத்திருக்க வேண்டும், எழுத்து தலைகீழாக இருக்கக்கூடாது. நின்றுகொண்டிருப்பதையும் கவிழ்ந்திருப்பதையும் அங்கேயே திருப்பிச் சேமித்துவிடுங்கள்.

97 படத்தையும் கையால வெட்ட முடியாது. கமாண்ட் ஏதாவது இருக்கா?

இமேஜ்மேஜிக் 7 என்ற இலவச மென்பொருள் போதும். s000.jpg முதல் s096.jpg வரை ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, லினக்ஸ் டெர்மினலில் இதை ஓட்டுவேன்:

```
i=0
for f in s*.jpg; do
  L=$(printf 'p%03d.jpg' $((2*i)))
  R=$(printf 'p%03d.jpg' $((2*i+1)))
  magick "$f" -auto-orient -gravity West -crop 52%x100%+0+0 +repage "$L"
  magick "$f" -auto-orient -gravity East -crop 52%x100%+0+0 +repage "$R"
  i=$((i+1))
done
```

`-auto-orient` என்பது போன் எழுதி வைத்த திருப்பல் குறிப்பைப் படித்து, வெட்டுவதற்கு முன்னால் படத்தை நேராக்கும். அது இல்லாவிட்டால் திரையில் படம் நேராகத் தெரிந்தாலும் உள்ளே கிடக்கிறபடியேதான் வெட்டு விழும். மேல் பாதி, கீழ் பாதி என்று வந்து நிற்கும். `+repage` விட்டுப்போனால் சில வடிவங்களில் வெட்டின துண்டு பழைய முழுப் படத்தின் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பக்கத்தில் காலி இடத்தோடு திறக்கும்.

மடிப்பு நடுவிலேயே நிற்கிற, நன்றாக எடுத்த படம் என்றால் `-crop 2x1@` என்று போட்டாலே சரிபாதியாக இரண்டு துண்டு கிடைக்கும். நான் 52-ஐ விடுவதில்லை.

சேர்த்துப் பிடிஎஃப் ஆக்குவதற்கு img2pdf என்ற மென்பொருள்:

```
img2pdf a.jpg p*.jpg z.jpg -o koothu.pdf
```

இது படங்களை மறுபடி சுருக்காமல் அப்படியே உள்ளே வைக்கும், தெளிவு குறையாது.

எனக்கு கமாண்ட் எல்லாம் வராது. மவுஸ்ல செய்யற மாதிரி சொல்லுங்க.

ஸ்கேன்டெய்லர். இதுவும் இலவசம்தான். விண்டோஸிலும் ஓடும். படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் ஆறு கட்டமாகக் கூட்டிப்போகும். முதல் கட்டம் `Fix Orientation`, இரண்டாவது `Split Pages`. திருப்புவது முதலில், வெட்டுவது பிறகு என்று அதிலேயே வரிசை போட்டிருப்பதைக் கவனியுங்கள்.

`Split Pages`-இல் மடிப்பை அதுவே கண்டுபிடித்து ஒரு கோடு போடும். அச்சிட்ட புத்தகத்தில் நன்றாகவே கண்டுபிடிக்கிறது. கையெழுத்து நோட்டில் ஓரக்கோடு ஏதாவது இருந்தால் அதை மடிப்பு என்று நினைத்து ஏமாந்துவிடும். வலது ஓரத்தில் வரிசையாக வரும் சின்னப் படங்களை ஒரு ஓட்டு ஓட்டினால் தப்பான கோடு கண்ணில் படும், மவுஸால் இழுத்து வைத்துவிடலாம். தனிப்பக்கமான அட்டையை இரண்டாகப் பிளக்காமல் ஒரே பக்கம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் `out` என்ற ஃபோல்டரில் டிஃப் படங்களாகக் கொடுக்கும். s050 என்ற விரிப்பு `s050_1L.tif`, `s050_2R.tif` என்று வரும். L, R மட்டும் போடாமல் 1, 2 என்றும் போடுவதால் எந்த மென்பொருளில் அடுக்கினாலும் இடது பக்கம்தான் முன்னால் நிற்கும். ஒன்று மட்டும்: பிடிஎஃப் கோப்பை இது வாங்காது, படமாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே யாரோ பிடிஎஃப் ஆக்கிட்டாங்க. அட்டை தனிப்பக்கம், உள்ளே எல்லாம் ரெண்டு ரெண்டு பக்கம்.

அட்டைகளை ஒதுக்கிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வெட்டி, மறுபடி சேர்க்க வேண்டும். அதற்கு qpdf, mutool என்ற இரண்டு மென்பொருள்கள்:

```
qpdf in.pdf --pages . 2-r2 -- mid.pdf
mutool poster -x 2 mid.pdf split.pdf
qpdf --empty --pages in.pdf 1 split.pdf 1-z in.pdf r1 -- out.pdf
```

முதல் வரி இரண்டாவது பக்கத்திலிருந்து கடைசிக்கு முந்தைய பக்கம் வரை பிரிக்கிறது. இரண்டாவது வரி ஒவ்வொன்றையும் இரண்டாக்குகிறது. மூன்றாவது அட்டைகளை முன்னும் பின்னும் ஒட்டுகிறது.

இந்த வெட்டில் படம் உண்மையில் வெட்டப்படுவதில்லை என்பது தெரிந்திருக்கட்டும். முழு விரிப்பும் கோப்புக்குள் அப்படியேதான் இருக்கும். ஜன்னலைப் பாதி மூடுகிற மாதிரி, ஒவ்வொரு பக்கமும் ஒரு பாதியை மட்டும் காட்டும். அதனால் தெளிவு குறையாது, கோப்பும் பெருக்காது. ஆனால் உள்ளே இருக்கும் படத்தைப் பிரித்து எடுத்தால் முழு விரிப்பே வெளியே வரும். வெட்டும் சரிபாதியில்தான் விழும், 52 சதவீதம் கிடைக்காது. மடிப்பு நகர்ந்திருக்கிற கோப்பென்றால் `pdfimages -all in.pdf s` கொடுத்துப் படங்களை வெளியே எடுத்துக்கொண்டு மேலே சொன்ன வழிக்கே வாருங்கள். முதலும் கடைசியும் அட்டை, அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியைக் கணக்கில் எடுங்கள்.

நடுவுல ரெண்டு பக்கம் விட்டுப்போன மாதிரி இருக்கு. எங்கேன்னு 192 பக்கத்தையும் பார்க்கணுமா?

வேண்டாம், ஏழு பக்கம் பார்த்தால் போதும்.

கூத்து நோட்டில் எனக்கு இதுவே நடந்தது. 97 விரிப்பு வர வேண்டிய இடத்தில் 96தான் இருந்தது. எண்ணாமல் ஆரம்பித்தது என் தப்பு. கோப்பின் பெயரும் பக்க எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் தேடுவது எளிது. நடுவில் இருக்கும் p096-ஐத் திறந்தேன், தாளிலும் 96. அதுவரை பழுதில்லை. p144-ஐத் திறந்தால் தாளில் 146. ஆக 96-க்கும் 144-க்கும் நடுவில். p120 சரி. p132-இல் 134. p126 சரி. p128 சரி. p130-ஐத் திறந்தால் 132. ஏழாவது பார்வையில் கிடைத்துவிட்டது. விட்டுப்போனது 130-131 விரிப்பு. நோட்டைத் திறந்து பார்த்தால் அங்கே எண்ணெய்க் கறையில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டையும் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன்.

தாளில் இருக்கும் எண் கோப்பின் பெயரைவிட இரண்டு அதிகம் என்றால் ஒரு விரிப்பு விட்டுப்போயிருக்கிறது. இரண்டு குறைவு என்றால் ஒரு விரிப்பை இரண்டு தடவை எடுத்திருக்கிறீர்கள். வித்தியாசம் ஒற்றைப்படை, அதாவது ஒன்றோ மூன்றோ என்றால் விஷயம் வேறு. விரிப்பு எப்போதும் இரண்டு இரண்டாகத்தான் கூடும், குறையும். ஒன்று மட்டும் தவறினால் எண் போட்டவரே ஒரு எண்ணைத் தாண்டியிருப்பார், இல்லை ஒரே எண்ணை இரண்டு பக்கத்தில் போட்டிருப்பார். அதைத் திருத்தப் போகாதீர்கள். நோட்டு அப்படித்தான் இருக்கிறது.

இதில் ஏமாறவும் ஒரு வழி இருக்கிறது. 60-இல் ஒரு விரிப்பு விட்டுப்போய், 120-இல் ஒன்று இரட்டையாக வந்திருந்தால் மொத்தம் 97 சரியாக இருக்கும், கடைசிப் பக்கமும் சரியாக இருக்கும். நடுவில் மட்டும் எல்லாம் இரண்டு தள்ளி நிற்கும். அதனால் எண்ணிக்கை ஒத்துப்போனாலும் பத்துப் பத்துப் பக்கமாகத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுவது என் வழக்கம்.

விட்டுப்போன விரிப்பை எடுத்து, s064-க்கு அடுத்தது என்பதால் s064z.jpg என்று பெயர் வைத்தேன். பின்னால் வரும் எதற்கும் பெயர் மாற்ற வேண்டியதில்லை. பழைய p கோப்புகளை அழித்துவிட்டு அதே கமாண்டை மறுபடி ஓட்டினால் எண்கள் தாமாகச் சரியாகிவிடும்.

எங்க நோட்டுல பக்க எண்ணே இல்லையே?

வீட்டு நோட்டு என்றால், ஸ்கேன் செய்வதற்கு முன்னால் பென்சிலால் ஓரத்தில் மெல்லிசாக எண் போடுங்கள். நாலு பக்கத்துக்கு ஒன்று போட்டாலும் போதும்.

படம் மட்டும்தான் கையில் இருக்கிறது, நோட்டு இல்லை என்றால் தாளையே சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். ஒரு விரிப்பின் வலது பக்கமும் அடுத்த விரிப்பின் இடது பக்கமும் ஒரே தாளின் இரண்டு முகம். 41-உம் 42-உம் ஒரே தாள். 40-உம் 41-உம் எதிரெதிரே இருந்தாலும் வேறு வேறு தாள். அதனால் 41-இன் வலது ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் 42-இன் இடது ஓரத்தில் அதே உயரத்தில் அந்த ஓட்டை இருந்தாக வேண்டும். மை ஊறின இடம், கிழிசல், எண்ணெய்க் கறை எல்லாம் இப்படித்தான் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாறித் தெரியும். ஒரு விரிப்பின் வலது பக்க ஓரமும் அடுத்ததன் இடது பக்க ஓரமும் பொருந்தவில்லை என்றால் நடுவில் ஏதோ இல்லை. 

பாட்டு தொடர்ந்து போகிறதே என்று மட்டும் நம்பாதீர்கள். கூத்து நோட்டில் ஒரே பல்லவி நாலு இடத்தில் வரும்.

பின் அடிச்ச சின்னப் புத்தகம். பின்னைக் கழட்டி தாள் தாளா ஸ்கேன் செஞ்சேன். வெட்டினா 16, 1, 2, 15-னு வருது.

பின்னைக் கழற்றாமல் விரித்து எடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாளில் நான்கு பக்கம் இருக்கும். வெளித்தாளில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

16 பக்கத் திருவிழா மலர் என்றால் நான்கு தாள். முதல் தாளின் ஒரு முகத்தில் 16, 1. பின்னால் 2, 15. இரண்டாவது தாளில் 14, 3, பின்னால் 4, 13. மூன்றாவதில் 12, 5, பின்னால் 6, 11. நடுத்தாளில் 10, 7, பின்னால் 8, 9. எந்த முகத்தை எடுத்தாலும் இரண்டு எண்ணையும் கூட்டினால் 17 வரும், அதாவது மொத்தப் பக்கத்தைவிட ஒன்று அதிகம். கூட்டி 17 வராத முகம் ஏதாவது இருந்தால் அது வேறு புத்தகத்தின் தாள். கடையில் இரண்டு மலர் கலந்துபோய் இப்படித்தான் கண்டுபிடித்தோம்.

ஸ்கேன் செய்த வரிசையிலேயே வெட்டுங்கள். வந்த எட்டு படத்தின் பதினாறு பாதிகளுக்கும் மேலே இருக்கிற வரிசைப்படி p16, p01, p02, p15 என்று கையாலேயே பெயர் மாற்றிவிடுங்கள். பதினாறுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது வீண் வேலை.

உருது புத்தகம் ஒண்ணு. எல்லாமே பின்னாலிருந்து முன்னால வருது.

கிருஷ்ணகிரியிலிருந்து மாதம் ஒருவராவது இதோடு வருகிறார். உருது வலமிருந்து இடம் போவது. விரிப்பில் வலது பாதிதான் முதலில் வர வேண்டும். என் கமாண்டில் West, East இரண்டையும் இடம் மாற்றினால் போதும். ஸ்கேன்டெய்லரில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே வலமிருந்து இடம் என்பதற்கு ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் கோப்புகள் `_1R`, `_2L` என்று வரும். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு, கன்னடப் புத்தகங்களுக்கு நம்முடைய வழியேதான்.

காலிப் பக்கம் நாலஞ்சு இருக்கு. எடுத்துட்டா பிரிண்ட் செலவு குறையுமே?

குறையும். ஆனால் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போகும்.

இந்தக் கோப்பில் முதல் பக்கம் வெளி அட்டை, இரண்டாவது உள் அட்டை, மூன்றாவதுதான் நோட்டின் 1ஆம் பக்கம். எப்போதும் இரண்டு கூட்டிக்கொண்டால் போதும், 100ஆம் பக்கம் வேண்டும் என்றால் கோப்பில் 102. முன்னும் பின்னும் பிரிண்ட் போட்டால் அட்டையின் பின்னால் உள் அட்டை, 1-க்குப் பின்னால் 2 என்று அசல் நோட்டு மாதிரியே வரும். உள் அட்டையில் பெரிதாக ஒன்றுமில்லையே என்று அதைத் தூக்கிவிட்டால் அட்டையின் முதுகில் 1ஆம் பக்கம் அச்சாகும். 2-உம் 3-உம் ஒரே தாளின் இரண்டு முகமாகிவிடும், எதிரெதிரே இருக்க வேண்டியவை முதுகோடு முதுகாகப் போய்விடும்.

திரையில் படிப்பவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு பக்கம் சேர்ந்து தெரியும்படி வைத்துப் படிக்கும்போது ஒற்றைப்படை வலப்புறம் வர வேண்டும். கோப்பு திறந்ததும் அப்படியே தெரிய வேண்டுமென்றால் img2pdf-இல் இதைச் சேர்த்துவிடுவேன்:

```
img2pdf --viewer-page-layout twopageright a.jpg p*.jpg z.jpg -o koothu.pdf
```

ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் வரைஞ்சிருக்கார். அதை வெட்டலாமா?

84-85 விரிப்பில் வாத்தியார் கூத்துக் களத்தையே வரைந்து வைத்திருந்தார், யார் எங்கே நிற்பது, மத்தளம் எங்கே என்று. மற்றதைப் போலவே அதையும் வெட்டினேன், இல்லாவிட்டால் எண் கெட்டுவிடும். வெட்டாத முழு விரிப்பை p085z.jpg என்று பெயர் வைத்து 85-க்கு அடுத்ததாகக் கூடுதலாகச் சேர்த்தேன். திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிற கோப்பில் மட்டும்தான் அது உண்டு, அதில் 85-க்குப் பிறகு இரண்டுக்குப் பதில் மூன்று கூட்டிக்கொள்ள வேண்டும். பிரிண்டுக்குப் போகும் கோப்பிலோ இரண்டு பக்கம் சேர்ந்து தெரிகிற கோப்பிலோ சேர்த்தால் பக்கக் கணக்கு போய்விடும், அதனால் அவற்றை ஆக்கும்போது p085z.jpg-ஐ வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுவேன்.

விண்டோஸ்ல பார்த்தா வரிசை சரியா இருக்கு. பிடிஎஃப் ஆக்கினா 1, 10, 11, 2-னு வருது.

எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடாததால் வருகிறது. விண்டோஸின் ஃபோல்டர் ஜன்னல் எண்ணை எண்ணாகப் படித்து 2-க்கு அப்புறம் 10 என்று அடுக்கிக் காட்டும். பல மென்பொருள்கள் எழுத்தெழுத்தாகத்தான் ஒப்பிடும், 1-இல் தொடங்குவதெல்லாம் அவற்றுக்கு 2-க்கு முன்னால். நூற்றுக்கு மேல் போகும் என்றால் முதலிலிருந்தே மூன்று இலக்கமாக 001, 002 என்று வையுங்கள்.

வெட்டின பக்கம் எல்லாம் சரியா வந்துடுச்சு. பழைய விரிப்புப் படங்களை அழிச்சிடலாமா? போன்ல இடமில்லை.

போனில் அழியுங்கள், ஒரு பென்டிரைவில் போட்ட பிறகு. கூத்து நோட்டைக் கொடுத்து ஒரு மாதம் கழித்து அந்தப் பேரன் போன் செய்தார். 56ஆம் பக்கத்தில் ஒரு வரி பாதியில் நிற்கிறதே என்றார். வாத்தியார் இடது பக்கத்தில் இடம் போதாமல், வரியை மடிப்பைத் தாண்டி எதிர்ப்பக்கத்து ஓரத்தில் எழுதி முடித்திருந்தார். 7 மி.மீ. அதற்குப் பத்தவில்லை. s028-ஐத் திறந்து மீதி மூன்று சொல்லைப் படித்துச் சொன்னேன்.